50 கிராம் ஜார் என்று ஒன்று கிடையாது

இந்த வாரமும் ஒருவர் வந்தார். சின்ன யூனிட் வைத்து, ஷியா பட்டரை நுரைக்க அடித்து, சருமத்தில் பூசும் பாடி பட்டர் செய்கிறார். பொருள் அருமை. ஆனால் கையில் 500 கண்ணாடி ஜார், 'நிகர எடை 50 கிராம்' என்று அச்சடித்த 1,000 பேப்பர் லேபிள்.

நிரப்பி எடை போட்டீர்களா என்றேன். "கடையில 50 கிராம் ஜார்னுதான் சார் குடுத்தாங்க" என்றார்.

எத்தனை தடவைதான் சொல்வது! கடைக்காரர் கிராம் என்று சொல்வது வாய்ப்பழக்கம். ஜாருக்கு உள்ளது கொள்ளளவு, அது 50 மில்லி. தண்ணீர் ஊற்றினால் 50 கிராம் நிற்கும், சாதாரண க்ரீமும் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். காற்றடித்த பட்டர் வராது. அவருடையதை விளிம்புவரை நிரப்பித் தராசில் வைத்தோம்: 34 கிராம். "அமுக்கி நிரப்பலாமே" என்றார். அமுக்கினால் நுரை போய்விடும், அப்புறம் அடித்ததற்கு என்ன அர்த்தம்? லேபிளில் எழுதிய எடை உள்ளே இல்லையென்றால் சட்டப்படி தவறு, வாங்கியவர் வீட்டிலும் தராசு இருக்கிறது.

உண்மையாகவே 50 கிராம் கொடுக்க 75 மில்லி இடம் வேண்டும். அதற்காக 100 மில்லி ஜார் வாங்கினால் கால்வாசி காலியாகத் தெரியும், ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அதனால் இருக்கும் ஜாரிலேயே 30 கிராம் என்று போட்டு, மூடிக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, விலையை அதற்கேற்ப வைக்கச் சொன்னேன். வெயிலில் உருகி மட்டம் இறங்கினாலும் எடை சரியாக இருக்கும்; நுரை அடங்கும் என்று ஒரு வரி லேபிளில் போட்டுவிடுங்கள்.

கண்ணாடி கனமாக இருந்தால் தரமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் கூரியர் செலவும் உடைசலும் உங்கள் தலையில். நேரில் விற்பதற்குக் கண்ணாடி, அனுப்புவதற்குப் பெட் பிளாஸ்டிக் ஜார் என்று பிரித்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தை மூடியிலும் லேபிளிலும் போடுங்கள், வாங்குபவர் கை படுவது அங்கேதான். பாலிஸ்டைரீன் ஜார் மட்டும் வேண்டாம், வாசனை எண்ணெய் பட்டால் விரிசல் விடும்.

பேப்பர் லேபிள் எண்ணெய்ப் பொருளுக்கு ஆகவே ஆகாது. விரல் பட்ட இடமெல்லாம் கறையாகி, பழைய சரக்கு மாதிரி தெரியும். பிளாஸ்டிக் ஃபிலிம் லேபிள் கேளுங்கள், கொஞ்சம்தான் கூடுதல். முதலில் 200 மட்டும் டிஜிட்டலில் அடியுங்கள். ஒரு லேபிளின் விலை ஏறும், ஆனால் 1,000 லேபிளைக் குப்பையில் போட வேண்டியிருக்காது.

அச்சகத்தில் இதையும் சொல்லிவிடுங்கள்: பேட்ச் எண்ணும் தேதியும் முத்திரை குத்தும் இடத்தில் லேமினேஷன் வேண்டாம், மை ஒட்டாது. முதல் லேபிள் வந்ததும் அங்கே குத்தி, காயவிட்டு, எண்ணெய்க் கையால் தேய்த்துப் பாருங்கள். அழிந்தால் திருப்பிக் கொடுங்கள்.