ராயல்டி: இலாபப் பங்கு அல்ல, மேல்வாரம்

தங்கச் சுரங்கச் செய்தி வந்தாலே நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘ராயல்டி’யை ‘இலாபப் பங்கு’ ஆக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் எழுத்தாளருக்குப் பதிப்பகம் தரும் தொகையை நினைத்துக்கொண்டு ‘காப்புரிமைத் தொகை’ என்கிறார்கள். தங்கப் பாறைக்கு யார் காப்புரிமை வாங்கினார்களோ! இந்த இரண்டாவதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். முதலாவது அப்படியல்ல, பொருளையே தலைகீழாக்குகிறது.

வேரை நீட்டி முழக்க வேண்டியதில்லை. ‘ராயல்’ என்றால் அரசனுக்குரியது. தங்கமும் வெள்ளியும் எந்த நிலத்தில் கிடைத்தாலும் அரசனுடையவை என்று இங்கிலாந்தில் 1568-இலேயே தீர்ப்பு உண்டு. தோண்டுகிறவன் உடையவனுக்குத் தருவது ராயல்டி. இன்று அரசனின் இடத்தில் அரசாங்கம் இருக்கிறது.

அந்தத் தொகை எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலான நாடுகளில் தங்க ராயல்டி விற்ற தங்கத்தின் மதிப்பின்மேல் விழுகிறது. சுரங்கம் நட்டத்தில் ஓடினாலும் கட்டியாக வேண்டும். இதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: மேல்வாரம். களத்தில் குவித்த நெல்லை அளந்து நிலவுடையவர் பங்கை எடுப்பார்கள். குடியானவன் விதைக்கும் எருவுக்கும் எவ்வளவு செலவழித்தான் என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. ஜமீன்தார் வாடை வீசுகிறது என்பார்கள். ராயல்டியில் மட்டும் அரண்மனை வாடை இல்லையா?

தான்சானியாவைப் பாருங்கள். 2017-இல் அதிபர் மகுபுலியின் அரசு தங்க ராயல்டியை 4 சதவீதத்திலிருந்து 6 ஆக்கியது. அதோடு ஏற்றுமதிப் பரிசோதனைக்கு 1 சதவீதக் கட்டணமும் வந்தது. அப்போது தங்கம் அவுன்ஸ் 1,250 டாலர் அளவில் இருந்தது, அதாவது கிராமுக்குச் சுமார் 40 டாலர். ஒரு கணக்குக்காக, ஒரு டன் பாறையில் ஒரு கிராம் கிடைக்கிறது, அதைத் தோண்டி, அரைத்து, பிரித்தெடுக்க 38 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 சதவீதம் போனால் கையில் 38.40 நிற்கும். தோண்டலாம். 7 சதவீதம் போனால் 37.20-தான். அந்தப் பாறை மண்ணுக்குள்ளேயே கிடக்கும். அரசுக்கும் அதிலிருந்து ஒரு காசு வராது.

இதே இடத்தில் உண்மையாகவே இலாபப் பங்கு வாங்கினால்? இலாபம் 2 டாலர். அதில் 30 சதவீதம் எடுத்தாலும் 1.40 மிஞ்சும், தோண்டுவார்கள். தரம் குறைந்த பாறையை முதலில் கைவிடச் செய்வது மேல்வாரம்தான். அதை ‘இலாபப் பங்கு’ என்று எழுதுகிறவர், நிறுவனங்கள் ஏன் அலறுகின்றன என்பதைப் புரிந்துகொள்ளும் வழியையே அடைத்துவிடுகிறார். பிறகு ஏன் அரசுகள் மேல்வாரத்தை விரும்புகின்றன? விற்பனையை எடைபோட்டுப் பார்த்துவிடலாம். இலாபமோ நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது, அதை வெளிநாட்டுக் கிளைக்கு நகர்த்துவது எளிது. அந்தச் சந்தேகம் நியாயமானதே.

தன் மண்ணின் வளத்தில் கூடுதல் பங்கும் பிடியும் வேண்டும் என்று ஓர் அரசு நிற்பது ‘வளத் தேசியவாதம்’. அதை ‘நாட்டுடைமையாக்கம்’ என்று எழுதுவதும் இதே சோம்பேறித்தனம். தான்சானியா சுரங்கத்தைப் பறிக்கவில்லை. செறிவூட்டிய தாதுவின் ஏற்றுமதியை 2017 மார்ச்சில் தடை செய்தது. தார் எஸ் சலாம் துறைமுகத்தில் 277 கண்டெய்னர்கள் முடங்கின. அக்கேசியா நிறுவனத்தின் புலியாங்குலு சுரங்கத்தில் வேலை சுருங்கியது. 2016-இல் 8 லட்சம் அவுன்ஸைத் தாண்டியிருந்த அந்நிறுவனத்தின் உற்பத்தி 2018-இல் சுமார் 5.2 லட்சமானது. இதில் பெரும்பங்கு தடையின் வேலை, ராயல்டியின் வேலை அல்ல. கடைசியில் தாய் நிறுவனமான பாரிக் 30 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு, சுரங்கங்களில் அரசுக்கு 16 சதவீதப் பங்கும் கொடுத்துச் சமாதானமானது.

இத்தனைக்கும் உலக விலை அசைந்ததா? 2018 சராசரியும் 1,270 டாலரை ஒட்டியே இருந்தது. ‘ஆப்பிரிக்க நாடு ராயல்டியை உயர்த்தியது, தங்கம் விலை எகிறும்’ என்று தலைப்புப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சுரங்கங்கள் ஆண்டுக்குத் தருவது 3,600 டன் அளவு. ஏற்கெனவே நகையாகவும் கட்டியாகவும் வெளியே இருப்பது 2 லட்சம் டன்னுக்கு மேல். விலையை நிர்ணயிப்பது அந்தக் குவியலும் அதை வாங்கவும் விற்கவும் துடிக்கிறவர்களும்தான். சுரங்கக்காரர் கிடைத்த விலைக்கு விற்கிறார், மேல்வாரத்தை வாங்குகிறவர் தலையில் கட்ட அவரால் முடியாது.

ஏற்றுமதி வரியும் இப்படித்தான் உள்ளே திரும்புகிறது. கானா 2019-இல் சிறு சுரங்கத் தங்கத்துக்கு 3 சதவீதப் பிடித்தம் விதித்தது. ஏற்றுமதியாளர் அதைத் துபாய் வியாபாரியிடம் வசூலிக்க முடியாமல், ஆற்றங்கரையில் தங்கம் அரிக்கிறவரின் விலையில் கழித்தார். தங்கம் கள்ள வழியில் போனது, பதிவான ஏற்றுமதி சரிந்தது. 2022-இல் வரியைப் பாதியாக்கினார்கள், 2025-இல் அறவே நீக்கினார்கள்.

‘மேல்வாரம்’ வாயில் வரவில்லை என்றால் ‘ராயல்டி’ என்றே எழுதுங்கள், எனக்குப் புகார் இல்லை. ‘உரிமைத் தொகை’ வேண்டாம். தமிழ்நாட்டில் அதைப் படிக்கிறவருக்கு மாதாமாதம் பெண்களின் வங்கிக் கணக்கில் விழும் ஆயிரம் ரூபாய்தான் நினைவுக்கு வரும்.