மேட்டில் இறக்கிய ஃபிரிட்ஜும் சலானில் எழுத வேண்டிய நாலு வரியும்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ பெரிய சாமான் வாங்குகிறவர்களுக்குச் சமவெளிக்காரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. வண்டி வீட்டு வாசலுக்கு வராது. ரோட்டு மேட்டில் நின்றுவிடும். அங்கிருந்து முப்பது நாற்பது படி இறங்கினால்தான் வீடு. மேட்டுப்பாளையத்திலிருந்து ரோடு வரைக்கும் கொண்டுவந்தது டிரைவர். ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இறக்குவது, பெரும்பாலும், நாம் கூலி பேசிக் கூட்டிவந்த லோடுமேன்கள். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒரு ஒடுக்கு விழுந்திருந்தால் அது யார் கையில் விழுந்தது? வீட்டுக்குள் போய்ப் பிரித்துப் பார்த்த பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. கடைக்காரர் லோடுமேனைக் காட்டுவார், லோடுமேன் டிரைவரைக் காட்டுவார், டிரைவரோ அதற்குள் பர்லியார் தாண்டியிருப்பார்.

அதனால் மலையில் முதல் சோதனை வண்டிக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். கூலி ஆள் பெட்டியில் கை வைப்பதற்கு முன்னால்.

அட்டைப்பெட்டி ஓரளவுக்கு நடந்ததைச் சொல்லிவிடும். ஃபிரிட்ஜின் எடையில் பெரும்பங்கு பின்பக்க அடியில் இருக்கிறது. கம்ப்ரசர் அங்கேதான். வண்டியின் பின்கதவிலிருந்து சறுக்கி இறக்கும்போது கை நழுவினால் அந்தப் பக்கத்து அடி மூலைதான் தரையில் இடிக்கும். ஆகவே முதலில் குனிந்து நாலு அடி மூலைகளையும் பாருங்கள். மூலை நசுங்கி, தொட்டால் உள்ளே தெர்மாக்கோல் உடைந்த நெறுநெறுப்பு கேட்டால் பெட்டி கீழே இடித்திருக்கிறது. நடு உயரத்தில், இரண்டு விளிம்பிலும் ஒரே மட்டத்தில் பள்ளம் இருந்தால் அது கயிறு அழுத்திய தடம். கல்லாறு தாண்டியதும் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் சாமான் ஆடக்கூடாது என்று கயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். விளிம்புக்கு அட்டை முட்டுக் கொடுக்காமல் கட்டினால் அந்த அழுத்தம் உள்ளே இருக்கும் தகடு வரைக்கும் போகும். பெட்டியின் அகலமான பக்கம் முழுக்கச் சேறும் உரசலும் இருந்தால், மேல்நோக்கிய அம்புக்குறியை யாரும் மதிக்கவில்லை, படுக்கப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கம்பெனி ஒட்டிய டேப்புக்கு மேல் வேறு நிற டேப் ஓடியிருந்தால் பெட்டி ஏற்கெனவே ஒருமுறை பிரிக்கப்பட்டது.

மழை, மூடுபனி நாட்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அடி அட்டை ஈரமாகி ஊறியிருக்கிறதா? ஈரம் ஃபிரிட்ஜுக்கு நேரடியாகப் பெரிய கெடுதல் செய்துவிடாது. ஆனால் ஊறிய அட்டைக்குத் தாங்கும் பலம் போய்விடும். அதற்குப் பிறகு படிகளில் விழும் ஒவ்வொரு இடியும் நேரே உடம்பில் விழும். அப்படிப்பட்ட பெட்டியை ரோட்டிலேயே பிரித்துவிடுவதுதான் நல்லது.

"ஏனுங்க்கா, பெட்டிதானுங்க அடிபட்டிருக்கு, உள்ள ஒண்ணும் ஆயிருக்காதுங்க. கையெழுத்துப் போடுங்க, நேரமாச்சு" என்பார் டிரைவர். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், பல நேரம் உண்மைதான். ஆனால் ஃபிரிட்ஜில் பக்கவாட்டு ஒடுக்கு என்பது பீரோவில் விழுந்த ஒடுக்கு மாதிரி வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. பழைய ஃபிரிட்ஜ்களில் முதுகில் கறுப்பாகக் கம்பி வலை போல ஒன்று தெரியும். சூட்டை வெளியேற்றும் குழாய் அது. இப்போது வரும் பல மாடல்களில் அந்தக் குழாய் பக்கச் சுவர்த் தகட்டுக்கு உள்ளே ஒட்டி ஓடுகிறது. ஃபிரிட்ஜ் ஓடும்போது பக்கச் சுவர் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். அந்த இடத்தில் ஆழமாக ஒடுக்கு விழுந்தால் குழாய் நெளியலாம், மயிரிழை அளவு விரிசலும் விழலாம். வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் கேஸ் சில பத்து கிராம்தான். விரிசல் சிறிதாக இருந்தால் அது மெதுவாகக் கசியும். முதல் நாள் ஐஸ் கட்டும். சில நாளோ சில வாரமோ கழித்துப் பால் கெடத் தொடங்கும். அப்போது வரும் சர்வீஸ் ஆள் ஒடுக்கைப் பார்த்துவிட்டு, 'அடிபட்ட சேதம், வாரண்டியில் வராது' என்று எழுதிவிட்டுப் போவார். வாரண்டி அட்டையிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். ஒடுக்கு வரும்போதே இருந்தது என்று காட்ட உங்களிடம் இருக்கக்கூடிய ஒரே காகிதம் அன்றைய டெலிவரி சலான்தான்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று பிக்கப் வண்டியில் வந்து ரோட்டோரம் இறங்குகிறது. பெட்டியின் இடது பின் அடி மூலை நசுங்கியிருக்கிறது. டிரைவர் முன்னிலையில் மேலே சுற்றிய பட்டையை வெட்டி, பெட்டியை மேலாக உருவுகிறார்கள். முதலில் இடது பக்கச் சுவர். தகட்டை நேராகப் பார்த்தால் ஒடுக்கு தெரியாது. பக்கத்தில் நின்று சாய்வாகப் பார்க்க வேண்டும், அல்லது செல்போன் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு தெரிகிறது. அடுத்து பின்பக்கம், கம்ப்ரசர் இருக்கும் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். கம்ப்ரசர் ரப்பர்க் காலில் நேராக உட்கார்ந்திருக்கிறதா, செப்புக் குழாய் எதுவும் தகட்டில் முட்டுகிறதா, எங்காவது எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? கேஸோடு கொஞ்சம் எண்ணெயும் சுற்றுவதால், கசிகிற இடத்தில் பிசுக்குப் படியும். புது ஃபிரிட்ஜின் அந்தக் குழியில் எண்ணெய் தெரிய எந்த நியாயமும் இல்லை. இந்த உதாரணத்தில் குழாயும் கம்ப்ரசரும் சரியாக இருக்கின்றன. சேதம் பக்கச் சுவர் ஒடுக்கு மட்டும்.

வாங்கிக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா? பக்கச் சுவரில் ஆழமான ஒடுக்கு, நெளிந்த குழாய், எண்ணெய்ப் பிசுக்கு, உடம்பே முறுக்கிக்கொண்டு நிற்பது, இந்த நாலில் ஒன்று இருந்தாலும் படியில் இறக்காமல் அப்படியே திருப்பி அனுப்புவது மேல். கண்ணாடித் தட்டு உடைந்திருந்தாலோ கதவில் கீறல் இருந்தாலோ, எழுதிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். அவை மாற்றித் தரக்கூடிய சாமான்கள். திருப்பி அனுப்பினாலும் வாய்ச்சொல்லோடு விடக் கூடாது. 'வாடிக்கையாளர் வேண்டாம் என்றார்' என்று பதிவாகிவிட்டால் அது வேறு கதை ஆகிவிடும். காரணம் சலானில் இருக்க வேண்டும்.

சலானில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சிட்ட வரி இருந்தால் அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே எழுதுங்கள். பலர் 'பார்த்த பிறகு சொல்கிறேன்' என்றோ 'பெட்டி சேதம்' என்றோ மட்டும் எழுதுகிறார்கள். அதில் பெரிய பயன் இல்லை. எது, எங்கே, எவ்வளவு என்று இருந்தால்தான் பின்னால் அதை மறுக்க முடியாது. நம் உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

"பெட்டியின் இடது பின் அடி மூலை நசுங்கியுள்ளது. டிரைவர் முன்னிலையில் ரோட்டிலேயே பிரிக்கப்பட்டது. ஃபிரிட்ஜின் இடது பக்கச் சுவரில், அடியிலிருந்து சுமார் 20 செ.மீ. உயரத்தில் 8 செ.மீ. அகல ஒடுக்கு. இந்தக் காரணத்தால் ஏற்காமல் திருப்பி அனுப்புகிறேன்."

அதன் கீழே ஃபிரிட்ஜின் சீரியல் எண், தேதி, நேரம், உங்கள் கையெழுத்து, டிரைவரின் கையெழுத்து, வண்டி எண். அவர்களிடம் போகும் பிரதி, உங்களிடம் இருக்கும் பிரதி இரண்டிலும் இதே வாசகம் வேண்டும். உங்கள் பிரதியில் மட்டும் எழுதிக்கொண்டால், பிறகு எழுதியது என்று சொல்லிவிடுவார்கள். எழுதி முடித்ததும் அவர்களுடைய பிரதியைப் போட்டோ எடுங்கள். டிரைவர் கையெழுத்துப் போட மறுத்தால் 'டிரைவர் கையெழுத்திட மறுத்தார்' என்று எழுதுங்கள். சலானில் எழுதவே விடவில்லையா? கையெழுத்தைப் போடாமல், ஒடுக்கையும் வண்டி எண்ணையும் போட்டோ எடுத்து, வண்டி நிற்கும்போதே கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் சலானுக்குப் பதில் ஓடிபி. வண்டி இன்னும் வளைவு ஏறிக்கொண்டிருக்கும்போதே "மேல சிக்னல் கிடைக்காதுங்க, ஓடிபி இப்பவே சொல்லிருங்க" என்று போன் வரும். சிக்னல் கிடைக்காது என்பது மலையில் பொய்யும் இல்லை. ஆனால் ஓடிபி சொல்வதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான். பெட்டியைப் பார்த்த பிறகு, தேவையென்றால் நாலு அடி மேட்டுக்கு நடந்துபோய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

சில கம்பெனிகள், டெக்னீஷியன் வந்துதான் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லும். அப்போது வெளிப்பெட்டியின் நிலையை மேலே சொன்ன விவரத்தோடு எழுதி, 'பெட்டி பிரிக்கப்படவில்லை, உள்ளே பார்க்கவில்லை' என்றும் சேருங்கள். டெக்னீஷியன் பிரிக்கும்போது பட்டையை வெட்டுவதிலிருந்து வீடியோ ஓடட்டும்.

சாமான் நன்றாக இருந்து வீட்டுக்குள் இறக்கினால், படிகளில் 45 டிகிரிக்கு மேல் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறும். வளைவான படியில் வேறு வழியில்லாமல் படுக்கவைத்திருந்தால், நிமிர்த்தி வைத்து ஒரு நாள் கழித்துப் போடுவது பாதுகாப்பு. இறக்கியதும் கதவு கோணலாகத் தெரிந்தால் உடனே சேதம் என்று பதற வேண்டாம். பழைய பங்களாக்களின் மரத்தரை மட்டமாக இருக்காது. முன்கால் திருகுகளைச் சரிசெய்து பாருங்கள். மட்டம் வைத்த பிறகும் மேல் கதவுக்கும் கீழ் கதவுக்கும் இடைவெளி ஒரு பக்கம் அதிகமாக இருந்தால்தான் கீல் அல்லது உடம்பு நெளிந்திருக்கிறது.

எழுதியும் கடை அசையவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைன் விற்பனைத் தளம் என்றால் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இன்படி அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால், கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு 2 ஆண்டு அவகாசம் தருகிறது. நீங்களே லாரி புக்கிங்கில் பீரோவோ கட்டிலோ வரவழைத்திருந்தால் கணக்கு வேறு. லாரிக்காரருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டிய 180 நாள், சாமான் வந்து சேர்ந்த தேதியிலிருந்து அல்ல, புக்கிங் செய்த தேதியிலிருந்து ஓடுகிறது. லாரி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பெட்டியையும் தெர்மாக்கோலையும் இரண்டு வாரமாவது வெளியே எறிய வேண்டாம். திருப்பி எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். தாழ்வாரத்தில் வைத்தால் மூடுபனியில் ஊறிவிடும், மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.