முதல் சம்பளத்தில் பிடிக்கும் 105 ரூபாய்

மதுரையில் சிறிய கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டு, வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்., தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. இரண்டையும் கட்டிக்கொடுப்பது என் தொழில். பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த கையோடு வேலைக்குப் போகும் பிள்ளைகள் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அண்ணே, இதுல இ.எஸ்.ஐ.ன்னு 105 ரூபா பிடிச்சிருக்காங்க. எங்க வீட்லதான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே, அப்புறம் இது எதுக்கு?"

நியாயமான கேள்வி. இரண்டுமே ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்பவைதான். ஆனால் பணம் வரும் வழி வேறு, அதைக் கேட்க உனக்குள்ள உரிமை வேறு. ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குடும்பம். அப்பா கொத்தனார் வேலை, அம்மாவுக்குச் சர்க்கரை. வருமானச் சான்றிதழில் வருடத்துக்கு 84,000 ரூபாய் என்று இருக்கிறது. 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்கள். வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பெரியாஸ்பத்திரியிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் பார்த்துக்கொள்ளலாம். பெயர் காப்பீடாக இருந்தாலும் வீட்டிலிருந்து ஒரு பைசா பிரீமியம் போகவில்லை. கட்டுவது அரசு, அதுவும் வரிப்பணத்தில். முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை எல்லாம் இதே வகைதான். இதைச் சமூக உதவி என்பார்கள். 'நீ கட்டினாயா?' என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். 'உனக்கு வருமானம் எவ்வளவு?' என்றுதான் கேட்பார்கள்.

அந்த வீட்டுப் பெண் டிப்ளமோ முடித்து, கப்பலூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 14,000 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்கிறாள் என்று வைத்துக்கொள். அவள் சம்பளம் மட்டுமே வருடத்துக்கு 1,68,000. அப்பா கூலியைச் சேர்க்காமலே வரம்பு தாண்டிவிட்டது. அடுத்த முறை வருமானச் சான்றிதழ் வாங்கப் போனால், அந்த அட்டைக்கு அந்தக் குடும்பம் தகுதியில்லை. உதவியின் குணம் அது. வீட்டில் ஒருவர் தலையெடுத்ததும் அது விலகிக்கொள்ளும்.

விலகும் இடத்தில் வந்து நிற்க வேண்டியதுதான் அந்த 105 ரூபாய். 14,000-ல் 0.75 சதவீதம் அவளுடைய பங்கு. கம்பெனி தன் கையிலிருந்து 3.25 சதவீதம், அதாவது 455 ரூபாய் போடும். ஆக மாதம் 560. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது சட்டப்படி கட்டாயம். 'எனக்கு வேண்டாம்' என்று நீயும் சொல்ல முடியாது, 'உனக்குக் கிடையாது' என்று முதலாளியும் சொல்ல முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சம்பளத்துக்கு ஏற்ப எல்லோரும் கட்டுகிறார்கள், சிகிச்சை எல்லோருக்கும் ஒன்றுதான். அவளை நம்பியிருக்கும் அப்பா, அம்மாவுக்கும் சேர்த்து. இதுதான் சமூகக் காப்பீடு. வருமானம் குறைவு என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. கட்டியிருக்கிறாய், அதனால் கேட்கிறாய், அவ்வளவுதான்.

உதவி அட்டையால் முடியாத ஒன்றை இது செய்யும். வேலைக்குப் போக முடியாத நாளுக்குக் காசு கொடுக்கும். சேர்ந்த மூன்றாவது மாதம், காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் திருமங்கலம் பக்கம் வண்டி சறுக்கி அவளுக்குக் கால் முறிகிறது. 45 நாள் படுக்கை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்தது என்பதை நேரத்தையும் இடத்தையும் வைத்துக் காட்ட முடிந்தால், அதை வேலையில் பட்ட காயமாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்போது நாள் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். அவளுடைய நாள் சம்பளம் ஏறக்குறைய 467 ரூபாய், அதில் 90 சதவீதம் 420. 45 நாளுக்கு 18,900 ரூபாய். அதுவரை அவள் கட்டியது வெறும் 300 சொச்சம். வேலைக் காயத்துக்கு இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கே கிடையாது. முதல் நாளே விழுந்தாலும் உண்டு.

அதே கால், ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் படியில் வழுக்கி உடைந்திருந்தால் கதை வேறு. சிகிச்சை கிடைக்கும். ஆனால் சாதாரண நோய்க்கும் காயத்துக்கும் தரும் 70 சதவீதச் சம்பளம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்துத்தான் தொடங்கும், அதுவும் ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது பங்கு கட்டியிருந்தால். இதயம், சிறுநீரகம் போன்ற பெரிய சிறப்புச் சிகிச்சைகளுக்கும் கொஞ்ச காலம் கட்டியிருக்க வேண்டும், குடும்பத்தாருக்கு என்றால் இன்னும் கூடுதலாக. அதனால் வேலை கிடைத்த அன்றைக்கே வீட்டிலுள்ள பழைய அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம்.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் பலருக்குப் பணம் போகிறது. கம்பெனிக்கு அன்றைக்கே தகவல் போக வேண்டும். விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ.க்கு அவர்கள்தான் அனுப்ப வேண்டும். சாலை விபத்து என்றால் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு இருக்கட்டும். அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்கலாம், ஆனால் சீக்கிரமே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கோ தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ தகவல் சொல்லிவிட வேண்டும். விடுப்புக்கான சான்றிதழ் இ.எஸ்.ஐ. டாக்டரிடமிருந்து விட்டுப்போகாமல் வரிசையாக வர வேண்டும். தெருமுனை கிளினிக்கில் 'ரெஸ்ட் தேவை' என்று எழுதி வாங்கிய தாளை மட்டும் நீட்டினால் பணம் வராது.

இப்போது மூன்றாவது வகை. அவள் ஓட்டிப்போனது அப்பா பெயரிலுள்ள வண்டி. இன்சூரன்ஸ் இருக்கிறது என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் மூன்றாம் நபர் பாலிசி. வண்டி யார் மேலாவது மோதினால் அவர்களுக்குத்தான் அது பணம் தரும், ஓட்டியவரின் காலுக்குத் தராது. கூடவே இருக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு வண்டியின் சொந்தக்காரருக்கு, அதாவது அப்பாவுக்கு, அதுவும் மரணம் அல்லது நிரந்தர ஊனத்துக்குத்தான். தனியார் காப்பீடு என்பது ஒப்பந்தம். உன் கஷ்டத்தையும் பார்க்காது, நீ தொழிலாளியா என்றும் பார்க்காது. தாளில் யார் பெயர், எதற்கு, எவ்வளவு என்று எழுதியிருக்கிறதோ அதுதான். பிரீமியமும் உன் சம்பளத்தைப் பொறுத்தது அல்ல, உன் வயதையும் உடம்பையும் பொறுத்தது. இது குற்றச்சாட்டு இல்லை, அந்த வியாபாரம் அப்படித்தான் நடக்க முடியும்.

சரி, அந்தக் கம்பெனி இ.எஸ்.ஐ.யில் சேர்க்கவே இல்லை என்றால்? வருமானம் கூடியதால் உதவி போய்விட்டது, சேர்க்காததால் காப்பீடும் இல்லை, பாலிசியும் எடுக்கவில்லை. மூன்றுக்கும் நடுவே குடும்பமே விழுந்துவிடும். நான் பார்த்தவரை வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு உண்மையான ஆபத்து இதுதான், எந்தத் திட்டம் உசத்தி என்பதல்ல.

இது நடக்கும் விதங்கள் எனக்கு மனப்பாடம். "பிடித்தம் வேண்டாம்ப்பா, முழுச் சம்பளமா கையில தந்துர்றேன்" என்பது ஒன்று. 105 ரூபாய் மிச்சம் என்று நீ சந்தோஷப்படுவாய், 455 ரூபாய் மிச்சம் என்று அவர் சந்தோஷப்படுவார். இன்னொன்று, அவருடைய 455-ஐயும் உன் சம்பளத்திலேயே கழிப்பது. அப்படிக் கழிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. மூன்றாவது, "நீ ட்ரெயினி, உனக்குக் கிடையாது". அப்ரன்டிஸ் சட்டப்படி முறையாக ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அது சரி. வெறுமனே ட்ரெயினி என்று பெயர் வைத்து மெஷினில் நிறுத்தினால் நீயும் தொழிலாளிதான். கான்ட்ராக்டர் மூலம் போனாலும் அப்படியே.

சீட்டில் பிடித்தம் இருப்பதை மட்டும் நம்பாதே. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பவர்களும் உண்டு. சேர்ந்த பத்து நாளுக்குள் உன்னைப் பதிவு செய்ய வேண்டும். பத்து இலக்க இன்சூரன்ஸ் நம்பரைக் கேள். குடும்பத்தார் பெயரும் போட்டோவும் உள்ள இ-பெஹ்சான் அட்டையை வாங்கி, அதில் அம்மா பெயர் இருக்கிறதா என்று பார். பிறகு இ.எஸ்.ஐ. இணையதளத்தில் அந்த நம்பரை வைத்து நுழைந்து, மாதாமாதம் பங்கு ஏறுகிறதா என்று பார். இரண்டு மாதம் ஏறவில்லை என்றால் கேட்க வேண்டிய நேரம் அதுதான், கால் உடைந்த பிறகு அல்ல. முதலாளி கட்டாவிட்டாலும் தொழிலாளியைக் கைவிடாமல் இருக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் நீ அங்கே வேலை பார்த்தாய் என்பதை நிரூபிக்கும் பாடு உன் தலையில் விழும். பேங்க்கில் சம்பளம் வரவு, வருகைப் பதிவு, அடையாள அட்டை எதையும் தொலைக்காதே. பி.எஃப். இதே சமூகக் காப்பீட்டின் இன்னொரு கை, முதுமைக்கானது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கடைசியாக, நல்லது நடக்கும்போது வரும் சிக்கல். மூன்று நான்கு வருடத்தில் அவள் சம்பளம் 22,000 ஆகிறது. 21,000 தாண்டியதால் இ.எஸ்.ஐ. முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உடனே முடியாது. கணக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு அரையாண்டு. ஜூலையில் சம்பளம் ஏறினால் செப்டம்பர் 30 வரை பங்கு பிடிப்பார்கள். அந்த அரையாண்டில் கட்டியதற்கான பலன் அடுத்த ஜூன் 30 வரை சிகிச்சையாகத் தொடரும். பங்கு நின்ற பிறகு படும் வேலைக் காயத்துக்கு மட்டும் காசு வராது.

தனியார் மருத்துவப் பாலிசி எடுக்க வேண்டிய காலம் அந்த இடைவெளிதான். பாலிசியில் முதல் 30 நாளுக்கு, விபத்து தவிர வேறு எதற்கும் பணம் கிடைக்காது. அம்மாவின் சர்க்கரை போல ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். சம்பள உயர்வு வந்த ஜூலையிலேயே எடுத்தால் அந்த மூன்று வருடத்தில் முதல் வருடம் இ.எஸ்.ஐ. நிழலிலேயே கழிந்துவிடும், ஜூன் முடியட்டும் என்று இருந்தால் மூன்று வருடமும் வெட்ட வெயிலில். விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்கச் சொல்லும் ஏஜென்ட் வந்தால் அவரிடம் பாலிசி எடுக்காதே. ஆஸ்பத்திரியில் அம்மாவின் பழைய மருந்துச் சீட்டு வெளியே வரும்போது அவர் அங்கே இருக்க மாட்டார்.