இருபது நிமிட டெமோ வகுப்பு: எதை எடுப்பது, எங்கே நிறுத்துவது

தனியார் பள்ளி ஒன்றில் கணிதத் துறையைப் பார்த்துக்கொள்கிறேன். புது ஆசிரியர்களை எடுக்கும் நாட்களில் கடைசி பெஞ்சில் முதல்வருடன் உட்கார்ந்து டெமோ வகுப்பு பார்ப்பதும் என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பாடம் நன்றாகத் தெரியும். அவர்கள் கோட்டைவிடுவது வேறு இடத்தில்: நாற்பது நிமிடப் பாடத்தை இருபது நிமிடத்துக்குள் அமுக்கப் பார்க்கிறார்கள்.

ஆறாம் வகுப்பு, வேற்றினப் பின்னங்களின் கூட்டல் என்று தலைப்பு கொடுத்திருப்போம். வருகிறவர் பின்னம் என்றால் என்ன என்று தொடங்குவார். தொகுதி, பகுதி, தகு பின்னம், தகா பின்னம், கலப்பு பின்னம் எல்லாம் பலகையில் வரிசையாக ஏறும். கூட்டலுக்கு வரும்போது பதினாறு நிமிடம் போயிருக்கும். மீ.சி.ம. எடுத்து ஒரு கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் முதல்வர் "போதும் மேடம், தேங்க் யூ" என்று எழுந்துவிடுவார். அந்த வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு எது வந்தது, எது வரவில்லை என்று ஆசிரியருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். 1/2 + 1/3 எவ்வளவு? இருபது நிமிடத்துக்கு இது போதும்.

தயாரிப்பு தொலைபேசியில் தொடங்குகிறது. டெமோவுக்குக் கூப்பிட்டவர்களிடம் நான்கைந்து விஷயம் கேட்டுக்கொள்ளலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், இந்தப் பாடம் அவர்களுக்கு நடந்துவிட்டதா, நடுவில் தமிழில் பேசலாமா, பலகை சாக்பீஸா மார்க்கரா? இன்னொன்றையும் கேளுங்கள்: உண்மையான பிள்ளைகளா, ஆசிரியர்களே பிள்ளைகள் மாதிரி உட்காரப்போகிறார்களா? கோடை விடுமுறையில் நேர்காணல் வைக்கும் பள்ளிகளில் இரண்டாவதுதான் நடக்கும்.

பாடம் நடந்துவிட்டதா என்ற கேள்வி ரொம்ப முக்கியம். மார்ச்சில் நேர்காணல் என்றால் ஆறாம் வகுப்பில் பின்னம் முடிந்திருக்கும். அன்று காலை உங்களுக்கு முன்னால் வந்தவர் அதே வகுப்பில் அதே தலைப்பை நடத்திவிட்டுப் போயிருக்கவும் கூடும். டியூஷன் போகும் பிள்ளைகள் குறுக்குப் பெருக்கல் போட்டு 5/6 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஒன்றும் தெரியாதவர்களுக்கென்று மட்டும் தயாரித்து வந்தவர் அந்த இடத்தில் திணறுவார்.

இதற்காகத்தான் முதல் மூன்று நிமிடத்தைப் பாடத்துக்குக் கொடுக்காமல் வகுப்பைத் தெரிந்துகொள்ளக் கொடுக்க வேண்டும். பெயரைச் சொல்லி, வணக்கம் சொல்லி, பலகையில் இரண்டு கேள்வி எழுதுங்கள். 1/2-க்குச் சமமான இன்னொரு பின்னம் எழுதுங்கள். 1/2 + 1/3 எவ்வளவு என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதட்டும். அவர்கள் எழுதும்போது ஒரு சுற்று நடந்து வாருங்கள். நோட்டு அட்டையில் பெயர் இருக்கும், மூன்று நான்கு பெயரை மனதில் வாங்கிக்கொள்ளலாம். "ஏய், மூணாவது பெஞ்ச்" என்று கூப்பிடும் தேவையே வராது.

அந்த ஒரு சுற்றிலேயே வகுப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். முதல் கேள்விக்கே பாதிப் பேர் எழுதவில்லையா? அப்படியானால் கூட்டலைக் கொஞ்சம் தள்ளிவைத்து, சமான பின்னங்களோடு அன்றைய பாடத்தை முடித்துக்கொள்ளலாம். தலைப்பை விட்டுவிட்டாரே என்று விஷயம் தெரிந்த யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். எல்லாரும் 5/6 எழுதியிருக்கிறார்களா? அப்போது கேள்வியை மாற்றுங்கள்: "ஏன் 5/6? இந்தக் காகிதத்தில் காட்டு." செய்முறை தெரிந்த பிள்ளைகள் பலர் இந்தக் கேள்வியில் நின்றுவிடுவார்கள், உங்களுக்கு நடத்த ஒரு பாடம் கிடைத்துவிடும்.

பெரும்பாலும் நடப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கும். கணிசமான பேர் 2/5 என்று எழுதியிருப்பார்கள். மேலே இரண்டையும் கூட்டி, கீழே இரண்டையும் கூட்டிய விடை. தேர்வுக்குழுவில் நான் பேனாவை எடுப்பது இந்த இடத்தில்தான். ஒரு பிள்ளை எழுந்து "டூ பை ஃபைவ் மிஸ்" என்றதும் நிறையப் பேர் "வேற யாராவது?" என்று நகர்ந்துவிடுகிறார்கள். சரியான விடை வரும்வரை நகர்ந்துகொண்டே இருந்து, வந்ததும் "வெரி குட்" சொல்லிவிடுகிறார்கள். 2/5 சொன்ன பிள்ளைக்குத் தன் விடை ஏன் தப்பு என்று கடைசிவரை தெரியாது.

சில மாதங்களுக்கு முன் வந்த ஓர் ஆசிரியை இதை வேறு விதமாகக் கையாண்டார். 2/5-ஐப் பலகையின் இடது ஓரத்தில் எழுதினார். "சரிப்பா, இருக்கட்டும். பத்து மிட்டாய் இருந்தா அதுல டூ பை ஃபைவ் எத்தனை?" நாலு என்று வந்தது. "பாதி எத்தனை?" அஞ்சு. "அப்ப பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், பாதியைவிடக் குறைஞ்சுபோச்சா?" வகுப்பு சிரித்தது. விடை சொன்ன பையனே "அது வராது மிஸ்" என்றான். அந்த 2/5-ஐ அவர் அழிக்கவில்லை, கடைசிவரை பலகையில் இருந்தது. எனக்கு அவரை எடுக்க அதுவே போதுமாக இருந்தது.

இதற்கு அப்புறம் காகிதப் பட்டை. 12 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம். ஓர் ஏ4 தாளின் நீளவாக்கில் இரண்டு பட்டை, அகலத்தில் பத்து வரிசை, ஆக இருபது பட்டை கிடைக்கும். நாற்பது பிள்ளைகள் இருவர் இருவராக உட்கார்ந்தால், ஜோடிக்கு இரண்டு வீதம் நாற்பது பட்டை, இரண்டு தாள். மூன்று தாளாக வெட்டிக்கொண்டு போங்கள், கிழிப்பவர்கள் இருப்பார்கள். வீட்டிலேயே ஒரு பட்டையில் பாதியிலும் இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கிலும் கோடு போட்டுவிடுங்கள். காகிதத்தை மூன்றாக மடிக்கச் சொன்னால் ஐந்து நிமிடம் அதிலேயே போய்விடும். பன்னிரண்டு கட்டமும் வரைந்து கொடுத்துவிடாதீர்கள், அதுவே விடையைச் சொல்லிவிடும்.

ஒரு பட்டையில் பாதிக்கு நிழலிட வேண்டும். மற்றதில் மூன்றில் ஒரு பங்கைக் கிழித்து, நிழலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும். முழுப் பட்டையும் நிரம்பவில்லை, கொஞ்சம் இடம் காலி. இப்போதுதான் உண்மையான கேள்வி: "பாதியையும் மிச்சம் இல்லாமல் அளக்கணும், மூன்றில் ஒன்றையும் மிச்சம் இல்லாமல் அளக்கணும். அந்தத் துண்டு எவ்வளவு பெரியது?" ஸ்கேல் வைப்பார்கள். 6 செ.மீ., 4 செ.மீ. இரண்டையும் அளக்கும் துண்டு 2 செ.மீ. அப்படிப்பட்ட துண்டு முழுப் பட்டையில் ஆறு. பாதியில் மூன்று, மூன்றில் ஒன்றில் இரண்டு, ஆக ஆறில் ஐந்து. பகுதிகளை ஏன் சமமாக்க வேண்டும் என்பது அங்கேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

இங்கே இரண்டு பொறி இருக்கிறது, முன்கூட்டியே யோசித்துவிட்டுப் போங்கள். ஒரு பிள்ளை 1 செ.மீ. துண்டால் அளந்து 10/12 என்று சொல்லும். அது சரியான விடை. பதற்றத்தில் "இல்லம்மா, 5/6" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. பின்பெஞ்சில் கணித ஆசிரியர் யாராவது இருந்தால் அது உறுத்தும். இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அதே நீளம்தானா என்று வகுப்பையே கேளுங்கள்.

அடுத்தது காலியான இடம். 1/2 + 1/3-இல் அது 2 செ.மீ., பட்டையில் சரியாக ஆறு முறை அடங்குகிறது. அதனால் "மீதியை வைத்து அளந்தால் போதும்" என்று விதி மாதிரிச் சொல்லத் தோன்றும். 1/3 + 1/4 போட்டுப் பாருங்கள்: 4 செ.மீ., 3 செ.மீ., மீதி 5 செ.மீ. பன்னிரண்டில் ஐந்து சரியாக அடங்காது. இரண்டையும் அளக்கும் துண்டைத்தான் தேட வேண்டும், இங்கே அது 1 செ.மீ., விடை 7/12. டெமோ முடிந்ததும் நானே இதைக் கேட்பதுண்டு.

நேரக் கணக்கு இப்படி வரும். மூன்றாவது நிமிடத்தில் 2/5 பலகைக்கு வந்துவிட வேண்டும், பதினொன்றாவது நிமிடத்துக்குள் 5/6. முதல்வர்கள் பலர் பன்னிரண்டு, பதின்மூன்றில் நிறுத்திவிடுவார்கள், அதற்குள் பாடத்தின் உயிர் முடிந்திருக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் ஐந்து நிமிடம் பிள்ளைகள் 1/2 + 1/4, 1/3 + 1/4 இரண்டையும் தாங்களே போடட்டும். முதலாவது எல்லாருக்கும் வரும், இரண்டாவது யாருக்குப் புரிந்தது என்று பிரித்துக் காட்டும். மிச்ச நேரத்தை வெறுமனே விட்டுவையுங்கள். பட்டை கொடுக்கும்போது, கதவைத் தட்டிக்கொண்டு யாராவது சர்க்குலர் கொண்டுவரும்போது அது தானாகச் செலவாகிவிடும்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எஸ் மிஸ்" என்று நாற்பது குரல் ஒன்றாக வரும், அதில் ஒரு தகவலும் இல்லை. 1/3 + 1/4-ஐ நோட்டில் போடச் சொல்லிவிட்டுச் சுற்றி வந்தால் எத்தனை பேர் 2/7 எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் டெமோ முடிந்து அலுவலக அறையில் உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வி அநேகமாக, "அடுத்த பீரியடும் உங்களுக்கே என்றால் என்ன செய்வீர்கள்?" புத்தகத்தில் உள்ள பயிற்சியைத் தொடர்வேன், வொர்க்‌ஷீட் கொடுப்பேன் என்பது எல்லாரும் சொல்லும் பதில். "ஏழெட்டுப் பேர் இன்னும் 2/7 எழுதுகிறார்கள், ஜன்னல் பக்க வரிசையில் அதிகம். அவர்களுக்கு 2/7-ஐ 1/3-உடன் ஒப்பிட வைத்துவிட்டுத்தான் மீ.சி.ம.-க்குப் போவேன்" என்று ஒருவர் சொன்னால், அதற்கு மேல் நாங்கள் பாடத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. சம்பளப் பேச்சுக்குப் போய்விடுவோம்.