மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு கொலோனோஸ்கோபி: முந்தின நாள் மருந்து மட்டும் போதாது

பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பதுதான் கொலோனோஸ்கோபி. அதற்கு முந்தின நாள் பேதி மருந்து குடித்தால் பெரும்பாலானவர்களுக்குக் குடல் சுத்தமாகிவிடும். வருடக்கணக்கில் மலச்சிக்கல் இருப்பவர்களுக்குப் பல நேரம் அது போதாது. நாங்கள் அதிகம் கொடுப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர். அது உடம்பில் சேராமல், குடித்த தண்ணீரைக் குடலுக்குள்ளேயே பிடித்துவைத்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும். ஆனால் பல நாள் தங்கி இறுகிய மலத்தை அது ஒரே இரவில் கரைப்பதில்லை. தண்ணீர் அதன் ஓரமாக வழிந்து வந்துவிடும்.

58 வயதான ஒரு அம்மா வந்திருந்தார். வாரத்துக்கு இரண்டு முறைதான் மலம் கழிப்பார், இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ராத்திரி முழுக்க தண்ணியாத்தான் போச்சு டாக்டர்" என்றார். விசாரித்தால், போனது பழுப்பு நிறத்தில், துணுக்குகளோடு. உள்ளே பார்த்தபோது வலப்பக்கப் பெருங்குடலில் மலம் படலமாக ஒட்டியிருந்தது. குடல் சுவரில் வளரும் சிறு கட்டிகளான பாலிப்கள் தட்டையாக அங்கே இருந்தால் இந்தப் படலத்துக்கு அடியில் தெரியவே தெரியாது. அதனால் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டாவது முறை முன்கூட்டியே ஆரம்பித்தோம். ஒரு வாரம் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்தினோம். அது மலத்தைக் கருப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டவைக்கும். 5 நாள் முன்பிருந்து அதே பவுடரில் 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, காலையும் இரவும். இது பேதிக்கான அளவு இல்லை, இறுகியதை இளக்கி நகர்த்த மட்டும். கடைசி 3 நாள் விதை, தோல், கீரை இல்லாத உணவு. நார்ச்சத்துப் பவுடரையும் நிறுத்தச் சொன்னேன். "அதுதானே டாக்டர் எனக்கு உதவுது" என்று தயங்கினார். மற்ற நாட்களில் சரி, ஆனால் இந்தச் சமயத்தில் அது குடலில் சக்கையாகத் தங்கிவிடும். இரண்டு நாள் முன்பு இரவில், குடலை அசைத்து மலத்தைத் தள்ளும் பிசகோடில் மாத்திரை 10 மில்லிகிராம்.

முந்தின நாளுக்குள் அவருக்கு நன்றாக இளகிப் போயிருந்தது. என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான அறிகுறி. அதுவரை சரியாகப் போகவில்லை என்றால் அன்று காலையே போன் செய்யுங்கள். அப்புறம் வழக்கம்போலத் தெளிந்த திரவங்கள் மட்டும். பேதி மருந்தில் பாதி மாலையில், மீதி பரிசோதனைக்கு 5 மணி நேரம் முன்பு தொடங்கி, 2 மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கடைசியாகப் போவது சிறுநீர் போல வெளிர் மஞ்சளாக, துணுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். அவருக்கு அப்படியே இருந்தது. குடல் முழுவதையும் பார்க்க முடிந்தது.

இந்த அளவுகள் அவருக்கானவை. சிறுநீரகம், இதயக் கோளாறு, சர்க்கரை நோய் இருந்தால் மருந்தும் அளவும் மாறும். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் இருந்தால் பேதி மருந்தைத் தொடவே கூடாது. அது குடல் அடைப்பாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போதே, வாரத்தில் எத்தனை முறை மலம் கழிக்கிறீர்கள், மலச்சிக்கலை உண்டாக்கக்கூடிய வலி மாத்திரை, மனநல மாத்திரை என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். முந்தின நாள் மாலையில் தெரிந்தால், இளக்குவதற்கு எங்களுக்கு நாள் இருக்காது.