லென்ஸ் சரி, ஃபிரேம்தான் சரியில்லை: பனிமலையில் கண் வெந்துபோவது எப்படி?

உத்தராகண்டில் உள்ள கேதார்கந்தாவுக்குப் பனிக்காலத்தில் ட்ரெக்கிங் போகும் நம்மூர் இளைஞர்கள் இப்போது நிறைய. உச்சி சுமார் 3,800 மீட்டர். அங்கே போய்த் திரும்பிய ஒருவர் சிவந்த கண்களோடு கோவையில் என்னிடம் வந்தார். "டாக்டர், நான் கூலிங் கிளாஸைக் கழற்றவே இல்லை. அப்புறம் எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டார்.

விடியும் முன்பே கிளம்பி, சூரியன் எழும்போது உச்சியில் இருந்திருக்கிறார். மதியம் வரை பனியிலேயே இறக்கம். அதுவரை கண்ணில் ஒரு தொந்தரவும் இல்லை. இருட்டிய பிறகு, டென்டுக்குள், கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல் தொடங்கியது. சாப்பிட்டு முடிப்பதற்குள் கண்ணைத் திறக்க முடியவில்லை. நீர் கொட்டியது. பக்கத்தில் இருந்தவரின் ஹெட்லாம்ப் வெளிச்சத்தைக்கூடத் தாங்க முடியவில்லை. மறுநாள் நண்பரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அடிவார ஊரான சங்க்ரி வரை இறங்கினார்.

ஸ்னோ பிளைண்ட்னஸ் இப்படித்தான் ஏமாற்றும். புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுடுகிறது. ஆனால் பாதிக்கப்பட்ட செல்கள் உதிர்ந்து, அடியில் உள்ள நரம்பு நுனிகள் வெளிப்பட 6 முதல் 12 மணி நேரம் ஆகும். வெயிலில் நடக்கும்போது கண் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மேகமூட்டம் இருந்தாலும் இந்தக் கதிரில் பெரும்பகுதி கீழே வந்துவிடும்.

கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். ஆறாமல் மிச்சமிருந்த இடங்கள் பச்சைப் புள்ளிகளாக மின்னின. எல்லாம் இமைகளுக்கு நடுவே திறந்திருக்கும் பட்டையில், அதுவும் கீழ்ப்பக்கம். மேலிமை மூடியிருந்த பகுதியில் ஒரு புள்ளிகூட இல்லை.

அவருடைய கூலிங் கிளாஸை மீட்டரில் வைத்துப் பார்த்தால் லென்ஸில் குறையே இல்லை, புற ஊதாவை முழுதாகத் தடுத்தது. போட்டுக்காட்டச் சொன்னேன். தட்டையான ஃபேஷன் ஃபிரேம். கன்னத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது, நெற்றிப்பொட்டுப் பக்கம் அதைவிட அகலம்.

ஊரில் வெயில் மேலிருந்து வருகிறது. புருவமும் இமையும் தொப்பியும் அதைத் தடுத்துவிடும். புதுப்பனியோ தன்மேல் விழும் புற ஊதாவில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் அந்தக் கதிரே 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வரும் வெளிச்சத்துக்குக் கண்ணில் இயற்கையான மறைப்பு கிடையாது. இது போதாதென்று, பின்பக்கமிருந்து இடைவெளி வழியாக நுழையும் ஒளி லென்ஸின் உட்புறத்தில் பட்டுக் கண்ணுக்குள் திரும்பும்.

அதனால்தான் பனிமலைக் கண்ணாடிகளில் பக்கத்தில் தோலிலோ ரப்பரிலோ சைடு ஷீல்டு வைக்கிறார்கள். முகத்தைச் சுற்றி வளையும் ஃபிரேமும் ஓரளவு அதே வேலையைச் செய்யும். வாங்கும்போது ஒரு சோதனை: கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டியூப்லைட்டுக்குக் கீழே நில்லுங்கள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் கீழேயும் ஓரங்களிலும் ஓட்டுங்கள். லென்ஸ் வழியாக இல்லாமல் வெளிச்சக் கீற்று தெரிந்தால், பனியில் அதே வழியில்தான் கதிர் வரும். லென்ஸ், புற ஊதாவை முழுதாகத் தடுக்கும் UV400 வகையாக இருக்க வேண்டும். கருமை அளவில் கேதார்கந்தா மாதிரி இடத்துக்குக் கேட்டகரி 3 பொதுவாகப் போதும். பனிப்பாறைகளிலோ இன்னும் உயரத்திலோ நடப்பவர்களுக்குக் கேட்டகரி 4. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, அவ்வளவு இருட்டு. போலரைஸ்டு லென்ஸ் கூச்சத்தைக் குறைக்கும், ஆனால் புற ஊதாவைத் தடுக்கும் என்பதற்கு அது மட்டும் உத்தரவாதமில்லை.

ஷீல்டு இறுக்கமாக இருந்தால் கண்ணாடியில் ஆவி படியும். படிந்ததும் ஆட்கள் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். காற்றுத்துளை உள்ள ஷீல்டாகப் பாருங்கள். இன்னொரு காரணம், மூக்கை மூடிக் கட்டும் பஃப்: மூச்சு நேராக லென்ஸுக்குத்தான் போகும். அதை மூக்குக்குக் கீழே இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். பவர் கண்ணாடி போடுபவர்கள் கிளிப்-ஆனை நம்ப வேண்டாம், ஓரமெல்லாம் திறந்தே கிடக்கும். கண்ணாடிக்கு மேலேயே மாட்டும் காகிள்ஸ் நல்லது.

வந்துவிட்டால்? கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் கழற்றுங்கள். தேய்க்காதீர்கள். இருட்டில் படுத்து, மூடிய இமைமேல் ஈரத்துணி வைத்து, வலிமாத்திரை, கண்ணீர் போன்ற சொட்டு மருந்து. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். மரத்துப்போகும் சொட்டை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். வலி போகும், ஆனால் திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாது. ஒரு கண்ணில் மட்டும் வலி என்றாலோ, இரண்டு நாள் கழித்தும் பார்வை மங்கலாகவே இருந்தாலோ, வேறு கோளாறாக இருக்கலாம், கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

வழியில் கண்ணாடி உடைந்தால், அட்டையில் இரண்டு மெல்லிய கிடைக்கீறல் போட்டு, ஓரங்களை முகத்தோடு ஒட்டி டேப் போடுங்கள். ஆர்க்டிக்கில் இன்யூட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் செய்து அணிந்தது இதே அமைப்புதான். கீறல் ஒரு நாணயத்தின் தடிமனைத் தாண்ட வேண்டாம்.