ஆங்கிள் வால்வின் இரண்டு மரைகளில் ஒன்றுக்குத்தான் டேப் வேண்டும்

இரண்டு வாரங்களுக்குள் இது நான்காவது வீடு. வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளம், பேசினுக்குக் கீழேயுள்ள அலுமாரி, ஊறி உப்பிப்போன பலகை, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் வாளி. தலையை உள்ளே விட்டுப் பார்த்தால், சுவரிலிருந்து வரும் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வும் பேசினுக்குப் போகும் ஹோஸும் சேருமிடத்தில், அடிபட்ட விரலுக்குக் கட்டுப்போட்டதுபோல வெள்ளை டேப் பிதுங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா எனக்குப் பின்னால் நின்று, “தம்பி, மருமகன் டேப் நல்லாச் சுத்தித்தான் பூட்டினவர். அதுக்குப் பிறகுதான் கூட ஒழுகுது” என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. முன்பு மணிக்குச் சில துளிகளாக இருந்த கசிவு, டேப் சுற்றிய பிறகு நூலாக ஒழுகத் தொடங்கியிருந்தது.

இந்த வேலையை நான் இருபது வருடங்களுக்கு மேலாகச் செய்கிறேன். இத்தனை காலத்தில் டேப் சுற்றாமல் விட்டதால் கெட்ட இணைப்புகளைவிட, சுற்றக்கூடாத இடத்தில் சுற்றிக் கெடுத்த இணைப்புகளையே அதிகம் கழற்றியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறான எண்ணம் ஒன்று உண்டு. “டேப்” என்ற பெயரைக் கேட்டவுடனேயே அது ஒட்டும் பொருள் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் அந்த வெள்ளைச் சுருளை விரித்து விரலால் தடவிப் பாருங்கள். அதில் பசை என்று எதுவுமே இல்லை. மாறாக, உலகில் மிக அதிகமாக வழுக்கும் பொருள்களில் ஒன்றான டெஃப்லானால் அது செய்யப்பட்டிருக்கிறது. ஆண் மரைக்கும் பெண் மரைக்கும் நடுவே அது நசுங்கி, இரண்டு உலோகங்களும் தொடாமல் விட்ட நுண்ணிய இடைவெளிகளை நிரப்பும்; கூடவே, வழுக்கலாக இருப்பதால் மரை இன்னும் சற்று உள்ளே போக இடம்கொடுக்கும். அதன் வேலை அவ்வளவுதான். நசுக்கப்படாத டேப் எதையும் அடைக்காது. ஆகவே ஒழுகும் நட்டின் வெளிப்புறத்தில் சுற்றினாலும், பிவிசி குழாயின் வெடிப்பின்மேல் சுற்றினாலும் பயனில்லை. அப்படிச் சுற்றியவர்களின் வீடுகளுக்கும் போயிருக்கிறேன். தண்ணீர் அந்தச் சுற்றுக்குள் புகுந்து, கொஞ்சத் தூரம் நடந்து, வேறோரிடத்தில் எட்டிப் பார்க்கிறது. பிறகு அந்த இடத்தைத்தான் வெடிப்பு என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

இனி அந்த ஆங்கிள் வால்வுக்கு வருகிறேன். அதில் வெளியே தெரியும் மரைகள் இரண்டு உண்டு. ஒன்று சுவருக்குள் இருக்கும் சொக்கட்டில் ஏறுகிறது. மற்றது மேல்நோக்கி நின்று ஹோஸின் நட்டை ஏற்றுக்கொள்கிறது. இரண்டும் அரை அங்குலம் என்பதால் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலவே தெரியும். ஆனால் தண்ணீரை அடைக்கும் விதம் இரண்டிலும் வேறு. சுவர்ப்பக்கத்தில் மரையேதான் அடைப்பு. அங்கே ரப்பர் எதுவும் கிடையாது, எனவே டேப் கட்டாயம் வேண்டும். ஹோஸ் பக்கத்தில் அடைப்பது மரை அல்ல. நட்டுக்குள் ஒரு ரப்பர் வொஷர் இருக்கிறது. நட்டை இறுக்கும்போது அந்த வொஷர் வால்வின் வாய்விளிம்பில் போய் அழுந்தி அடைக்கிறது. மரை அங்கே வெறும் இழுப்புக் கயிறு. வொஷரை விளிம்போடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது மட்டுமே அதன் கடமை.

அந்த மருமகன் செய்தது இந்த இரண்டாவது மரையில் பதினான்கு சுற்று. கழற்றும்போது எண்ணினேன், கோபத்தில்தான். சாதாரண வெள்ளை டேப்பின் தடிப்பு ஏறத்தாழ 0.075 மில்லிமீற்றர், இழுத்துச் சுற்றும்போது இன்னும் மெலியும். ஆனாலும் பதினான்கு சுற்று ஒரு மில்லிமீற்றரை நெருங்கிவிடும். அரை அங்குல மரையின் பள்ளத்தின் ஆழமே ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நட்டு ஏறும்போது இந்தத் திணிப்பில் பாதியிலேயே சிக்கி இறுகுகிறது. கைக்கு “நல்லா இறுகிவிட்டது” என்ற உணர்வு வருகிறது, ஸ்பனரும் அசைய மறுக்கிறது, ஆனால் உள்ளே வொஷர் விளிம்பை இன்னும் சரியாகத் தொடவே இல்லை. டேப் இல்லாதிருந்தால் நட்டு இன்னும் ஒன்றிரண்டு சுற்றுப் போய் வொஷரை நசுக்கியிருக்கும்.

சிலர் என்னிடம், “வொஷர் அடைக்காவிட்டாலும் டேப் மரையை அடைக்குமே” என்று வாதிடுவார்கள். அடைக்கட்டும். ஹோஸின் நட்டை உற்றுப் பாருங்கள். அது ஹோஸோடு ஒட்டியிருப்பதில்லை, அதன் கழுத்தைச் சுற்றிச் சுதந்திரமாகச் சுழலுகிறது. சுழல வேண்டுமென்றால் கழுத்துக்கும் நட்டின் பின்புறத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தாகவேண்டும். வொஷரைத் தாண்டிய தண்ணீருக்கு அப்படி இரண்டு வழிகள் கிடைக்கின்றன: கீழே மரை வழி, மேலே நட்டின் பின்துளை வழி. கீழ்வழியை நீங்கள் டேப்பால் முழுமையாக மூடினாலும் மேல்வழி திறந்தே கிடக்கிறது. இதனால்தான் டேப் சுற்றிய பிறகு ஒழுக்கு நட்டின் மேற்புறத்திலிருந்து வருகிறது.

வொஷரை வெளியே எடுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. டேப்பின் முனையொன்று மரையைத் தாண்டி நீண்டு, வொஷருக்கும் விளிம்புக்கும் நடுவே நூலாகச் சிக்கியிருந்தது. அழுந்தவேண்டிய இடத்தில் அந்த நூல் ஓர் ஓடையைத் திறந்துவிட்டிருந்தது. வொஷரும் பழையது, ஓரத்தில் வெடித்திருந்தது. முதல் சில துளிகளுக்குக் காரணம் அந்த வெடிப்புத்தான். இரண்டு விளிம்புகளையும் துடைத்து, டேப்பின் கடைசி இழையையும் நகத்தால் கிள்ளியெடுத்து, புது வொஷர் போட்டுக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பனரால் கால் சுற்று மட்டும் திருப்பினேன். ஒழுக்கு நின்றது. வொஷர் நல்லதாக இருந்து, யாரோ ஒரு சுற்று டேப் மட்டும் போட்டிருந்தால் பெரிய கேடு வராது என்பதை நேர்மைக்காகச் சொல்லிவைக்கிறேன். ஆனால் பயனும் வராது. புது வொஷரும் ஒழுகினால் வால்வின் விளிம்பில் வெட்டோ அரிப்போ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் வால்வை மாற்றவேண்டும்.

ஒழுகுவது எந்தப் பக்கம் என்று அறியாமல் தயவுசெய்து எதையும் கழற்றாதீர்கள். நட்டிலிருந்து வழியும் நீர் வால்வின் உடலில் இறங்கிச் சுவரோரமாகச் சொட்டுவதால், குற்றமற்ற சுவர்ப்பக்கத்தைப் பலர் உடைத்துப் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் துணியால் உலர்த்திவிட்டு ஆங்கிள் வால்வை மூடுங்கள். ஒழுக்கு நின்றுவிட்டால் பிழை பெரும்பாலும் ஹோஸ் பக்கம். மூடிய பிறகும் தொடர்ந்தால் சுவர்ப்பக்கம். ஹோஸ் பக்கம் என்றால் வால்வைத் திறந்து, நட்டின் மேலும் கீழும் டிஷ்யூத் துண்டுகளைச் சுற்றி, எது முதலில் நனைகிறது என்று பாருங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

சுவர்ப்பக்கத்தில் டேப் வேண்டும் என்றேன். அங்கும் அளவு உண்டு. கொழும்பு வீடுகளில் பெரும்பாலும் சுவருக்குள் இருப்பது பிவிசி ஃபோசட் சொக்கட். உள்ளே பித்தளை வளையம் வைத்ததை வாங்காமல் முழுப் பிளாஸ்டிக்கை வைத்திருந்தால், உலோக மரை உள்ளே போவது மரத்தில் ஆப்பு இறங்குவதற்குச் சமம். அதன்மேல் பத்துச் சுற்று டேப்பும் சேர்ந்தால் சொக்கட் நீளவாக்கில் மயிரிழையாகப் பிளக்கும். டேப்பின் வழுக்கலால் கைக்கு எதிர்ப்புத் தெரியாது. மெல்ல இறுகுவதாகவே தோன்றும். அன்றைக்கே ஒழுகாது, சில நாள் கழித்துச் சுவரோட்டின் பின்னால் ஈரம் பரவும். அதைக் கண்டு வீட்டுக்காரர் வால்வைக் கழற்றி இன்னும் நாலு சுற்றுக் கூட்டுவார், பிளவு இன்னும் விரியும். அந்த நிலைக்கு டேப்பில் மருந்தில்லை. சுவரோட்டை உடைத்துச் சொக்கட்டை மாற்றுவதுதான் ஒரே வழி.

சரியாகச் சுற்றுவது இப்படி. பழைய டேப்பை மரைப் பள்ளம் தெரியும்வரை முழுவதும் அகற்றுங்கள். பழையதன்மேல் புதியதைச் சுற்றுவது வேலையல்ல, சோம்பல். மரையின் முனை உங்களைப் பார்த்தபடி வால்வைப் பிடித்து, மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால், உள்ளே திருகும்போது டேப் சுருண்டு அப்படியே வாயருகே வந்து குவியும். முனையின் முதல் மரையை வெறுமையாக விட்டுத் தொடங்குங்கள். தாண்டி நீளும் இழை தண்ணீரோடு போய், குழாயின் வாய்வடியிலோ சிஸ்டனின் மிதவை வால்விலோ சிக்கும். “புதுக் குழாய், தண்ணீர் மெதுவாக வருகிறது” என்று பிறகு அழைப்பு வரும். டேப்பை இழுத்துப் பிடித்து, மரையின் வடிவம் அதன்மேல் தெரியுமளவுக்கு நான்கு அல்லது ஐந்து சுற்று. மெல்லிய சாதாரண டேப்புக்கு அது போதும். மேலே தடித்துப் பஞ்சுபோல இருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

எல்லோரும் சறுக்கும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. வால்வின் வாய் மேல்நோக்கி நிற்கவேண்டும். இறுக்கிக்கொண்டு வருகையில் அது சற்றுத் தாண்டிப் போய்விட, நேராக்குவதற்காகக் கால் சுற்றுப் பின்னால் திருப்புகிறார்கள். அந்தக் கணத்திலேயே நசுங்கியிருந்த டேப் மரையை விட்டு விலகிவிடுகிறது. விலகியது தானாகத் திரும்பிச் சேராது. தாண்டிவிட்டால் வால்வைக் கழற்றி, துடைத்து, ஒரு சுற்றுக் கூட்டிச் சுற்றுங்கள்; இம்முறை சற்று முன்னதாகவே இறுகும். எட்டாமல் நின்று, பலம் கேட்டால் ஒரு சுற்றுக் குறையுங்கள். நான்கூடச் சில நாள்களில் மூன்று தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறேன்.

பிடே ஷவரின் ஹோஸ், சிஸ்டனுக்குப் போகும் ஹோஸ், ஷவர் மிக்ஸரின் பெரிய நட்டுகள் எல்லாவற்றிலும் இதே கணக்குத்தான்: நட்டைக் கவிழ்த்து உள்ளே வொஷர் தெரிந்தால் டேப் வேண்டாம். சிஸ்டன் பக்கத்தில் நட்டே பெரும்பாலும் பிளாஸ்டிக்; அதைக் கையால் மட்டும் இறுக்குங்கள்.

வெள்ளவத்தை அம்மாவிடம் பழைய வொஷரைக் கொடுத்துவிட்டு வந்தேன். மருமகனிடம் காட்டச் சொன்னேன். அவர் அதை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, “அப்ப அவர் வாங்கிவைச்ச மிச்ச ஆறு சுருளையும் என்ன செய்யிறது?” என்று கேட்டார்.